புது பேக் போட்டும் பழைய அளவே ஓடுகிறதே?

“தினம் 1.5 ஜிபி பேக்கில் இன்னும் 10 நாள் இருக்கு. நேற்று 28 நாள், 2 ஜிபி பேக் போட்டேன். இன்றும் 1.5 ஜிபியிலேயே நெட் நின்னுடுச்சு. மெயின் பேலன்ஸிலும் பணம் இருக்கு. ஏன்?”

புது பேக் வரிசையில் நிற்கிறது, பணம் எங்கும் போகவில்லை. நிறுவனத்தின் ஆப்பில் காத்திருக்கும் பேக்குகள் என்ற பகுதியில் தெரியும். பழையதின் 10 நாள் முடிந்ததும் தானாகத் தொடங்கி, அதிலிருந்து 28 நாள் ஓடும். சில ஆப்களில் ‘இப்போதே தொடங்கு’ என்றொரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மிச்சமுள்ள பழைய நாட்கள் பெரும்பாலும் போய்விடும், திரும்பாது. அரை ஜிபிக்காக அதைத் தொடாதீர்கள்.

மெயின் பேலன்ஸ் வெறும் பணம். அது பேக்கின் நாட்களையும் நீட்டாது, தினசரி அளவையும் கூட்டாது. வெளிநாட்டு அழைப்பு போல, பேக்கில் அடங்காதவற்றுக்கே கழியும்.

இன்றைக்கே நெட் வேண்டுமென்றால் டேட்டா டாப்-அப் போடுங்கள். அது வரிசையில் நிற்காது, அன்றைய 1.5 ஜிபி தீர்ந்ததும் அதிலிருந்து கழியும். வாங்கும்முன் அதன் வேலிடிட்டியைப் பாருங்கள்: ‘நடப்பு பேக் முடியும்வரை’ என்றிருந்தால், மிச்சம் பொதுவாகப் 10 நாளில் காலாவதியாகும், அடுத்த பேக்குக்கு வராது.