ஒற்றைச் சொல்லுக்கு மேலே என்ன இருக்கிறது?

கேள்வி: அத்தை மகளுக்கு "ஞாயிறு வேண்டாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அனுப்பினேன். "fine" என்று மட்டும் வந்தது. கோபமா, களைப்பா, இல்லை நிஜமாகவே சரி என்கிறாளா? ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை. தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் வருகிறேன். வேலை, ஒரு வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் சாட் உரையாடல்களைப் படித்துத் தரம் பார்ப்பது. ஒரே சாட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, வாடிக்கையாளர் கோபமாக இருந்தாரா, திருப்தியாக இருந்தாரா என்று குறிப்போம். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுவோம். நீளமாகத் திட்டி எழுதியவற்றில் எங்களுக்குள் சண்டையே வராது. "ok", "fine", "சரி" என்று முடிந்த இடங்களில்தான் ஒருவர் கோபம் என்பார், மற்றவர் சாதாரணம் என்பார்.

அந்தச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது. முதலில் அதற்கு மேலே இருக்கும் செய்தியைப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய பதிலைக் கேட்டது? "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்பதற்கு "சரி" முழுமையான பதில். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ" என்பதற்கும் அதே "சரி" வந்தால், அங்கே வர வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. சொல் ஒன்றுதான், அது விட்டுப்போகும் காலியிடம் வேறு. அந்தக் காலியிடம் பெரிதாக இருந்தால்தான் கோபமா களைப்பா என்று யோசிக்கவே வேண்டும். சிறிதாக இருந்தால் அது சம்மதம்தான், விட்டுவிடலாம்.

இரண்டாவது, அதே ஆள் மற்ற நாட்களில் எப்படிச் சம்மதம் சொல்வார் என்பது. இது ஒருவருக்கொருவர் மாறும். எங்கள் எல்லைப் பக்கத்தில் ஊருக்கு ஊர்கூட மாறும். மலையாளத்தில் போனை வைக்கும்போது "ஷெரி" என்று சொல்லித்தான் வைப்பார்கள். அதில் வருத்தம் எதுவும் கிடையாது. சாட்டிலும் பேச்சு முடிந்தது என்பதற்கு "sheri" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத் தமிழில் மரியாதை "ங்க"வில் இருக்கிறது. தினமும் "சரிங்க" என்று எழுதுகிறவர் ஒரு நாள் வெறும் "சரி" என்று எழுதினால் என் கண் அங்கே நிற்கும். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த என் சக ஊழியர் ஒருவர் முதல் சில மாதங்கள் "sheri" என்று வந்ததையெல்லாம் எரிச்சல் என்றே குறித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பத்து இருபது சாட் சேர்ந்து படித்த பிறகுதான் சரியானது.

இனி என் தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவன் மனைவி பாலக்காட்டில் நர்ஸ். போன நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு முன்பு ஒரு ராத்திரி, "அக்கா, இவ கோவமா இருக்காளா பாருங்க்கா" என்று எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
7:05  தேருக்கு அம்மாவும் பெரியம்மாவும் வராங்க
7:05  மூணு நாள் நம்ம வீட்லதான்
7:06  உனக்கு ஓகேதானே?
9:48  fine
```

அவனைப் பயமுறுத்தியது நடுவில் இருந்த அந்த இரண்டே முக்கால் மணி நேரம். வேண்டுமென்றே பதில் போடாமல் இருந்தாள் என்று நினைத்துவிட்டான். ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது செய்தி அனுப்பிய நேரம் மட்டும்தான், படித்த நேரம் அதில் இருக்காது. ஆனால் அவன் போனில் அது இருக்கிறது. வாட்சப்பில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info என்பதைத் தொட்டால், எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது படித்தார்கள் என்று இரண்டு நேரம் காட்டும். எதிரில் இருப்பவர் நீல டிக்கை நிறுத்தி வைத்திருந்தால் படித்த நேரம் வராது. அவள் நிறுத்தவில்லை. படித்த நேரம் 9:47. படித்ததும் பதில் போட்டிருக்கிறாள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. செய்தி வந்ததும் போனின் மேலே எட்டிப் பார்க்கும் அறிவிப்பிலேயே முழுதும் படித்துவிட்டு, சாட்டைத் திறக்காமல் ஒருவர் இருக்கலாம். திறந்த நேரம்தான் படித்த நேரமாகக் காட்டும். தம்பி மனைவிக்கு அன்றைக்கு மதிய ஷிஃப்ட், வார்டில் போன் கையில் இருக்காது. அதனால்தான் அந்த இடைவெளியை நான் கணக்கிலிருந்து எடுத்தேன். எப்போதும் போனும் கையுமாக இருக்கிறவர் என்றால் எடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த "fine". அவள் வழக்கமாக அவனுக்கு "சரிங்க" என்றோ "sheri" என்றோ போடுகிறவள். சாட்டுக்குள் தேடும் வசதியில் "fine" என்று போட்டுத் தேடச் சொன்னேன். முந்தைய ஐந்து மாதத்தில் நான்கு முறை வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே இருந்த அவன் செய்தியை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒன்று, அவள் காய்ச்சல் எப்படி என்று அவன் கேட்டதற்கு. அது நலம் என்ற பொருளில் வந்தது, கணக்கில் சேராது. மற்ற மூன்றிலும் அவன் முன்பே முடிவு செய்துவிட்டு, கடைசியில் "ஓகேதானே?" என்று சேர்த்திருந்தான். ஒன்று வண்டி விற்றது, ஒன்று அவன் நண்பன் தங்க வந்தது, இன்னொன்று சீட்டுப் போட்டது. ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்த ராத்திரிகளையும் பார்த்தோம். அந்த நாட்களில் அவள் "mm" என்றோ எழுத்துப் பிழையோடு "sheri" என்றோதான் போட்டிருந்தாள். களைத்தால் கை தன் பழக்கச் சொல்லுக்குத்தான் போகும், அதுவும் சுருங்கிப் போகும். புதிதாக வேறு மொழியில் ஒரு சொல்லைத் தேடிப் போகாது. அதனால் நான் தம்பியிடம் சொன்னது: இது களைப்பு இல்லை. சம்மதம் உண்டு, ஆனால் கேட்காமல் முடிவு செய்தாய் என்ற மனத்தாங்கலோடு.

அவன் உடனே "கோவமா?" என்று கேட்கப் போனான். வேண்டாம் என்றேன். அந்தக் கேள்விக்குக் கோபமாக இருப்பவரும் "இல்ல" என்பார், களைத்திருப்பவரும் "இல்ல" என்பார். கேட்டதில் எதுவும் பிரியாது. அதற்குப் பதில், ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாத, ஆனால் சுலபமாகச் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். "அந்த மூணு நாளும் உனக்கு டூட்டி எப்படி? பெரியம்மா எந்த ரூம்ல படுத்தா உனக்குத் தொந்தரவு இருக்காது?" என்று அனுப்பச் சொன்னேன். களைத்தவர் இதற்குச் சுருக்கமாக, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார், இல்லையென்றால் காலையில் சொல்கிறேன் என்பார். கோபமாக இருப்பவர் "உங்க இஷ்டம்" என்று கேள்வியைத் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். சம்மதம் என்றால் விவரத்துக்குள் வந்துவிடுவார்.

அவளிடமிருந்து ஐந்தாறு வரி வந்தது. வெள்ளிக்கிழமை இரவு டூட்டி, சனி பகலில் தூங்கியே ஆக வேண்டும், தேர் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் தூக்கம் நடக்காது, இதை முன்பே கேட்டிருக்கலாமே என்று. நான் பாதிதான் சரியாகச் சொல்லியிருந்தேன். மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனால் அதன் அடியில் இருந்தது களைப்பு. அன்றைய களைப்பு அல்ல, வரப்போகும் வார இறுதியை நினைத்து முன்கூட்டியே வந்த களைப்பு. கோபமா, களைப்பா, சம்மதமா என்று மூன்று பெட்டி வைத்துக்கொண்டு தேடியதால் மூன்றும் ஒன்றாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பெரியம்மாவை என் வீட்டில் தங்க வைத்துக்கொண்டேன்.

சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால் கோபம் என்று பலர் சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2015-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம், ஒற்றைச் சொல் பதில்களைப் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் காட்டினார்கள். குறுஞ்செய்தியில் புள்ளி வைத்த பதில் மனதிலிருந்து வராதது போலப் பட்டது. கையால் எழுதிய சீட்டில் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் அது படிப்பவருக்கு எப்படித் தோன்றியது என்பதுதான், எழுதியவர் என்ன நினைத்தார் என்பதல்ல. போனில் இடைவெளிப் பொத்தானை இரண்டு முறை தட்டினால் பல கீபோர்டுகள் தாமாகவே புள்ளி வைத்துவிடும். என் அப்பா "சரி." என்றுதான் எப்போதும் எழுதுவார், பள்ளியில் கற்றது. எப்போதும் புள்ளி வைக்காதவர் வைத்தால் மட்டும் கவனியுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்வி கேட்கவில்லை, ஒரு திட்டத்தை ரத்து செய்திருக்கிறீர்கள். வெறும் சம்மதம் என்றால் பொதுவாக "எந்த நாள்?" என்றோ "என்னாச்சு?" என்றோ கூட ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது வரவில்லை. அதனால் காலியிடம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்கிரீன்ஷாட் அந்த இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் மேலே நகர்த்திப் பாருங்கள். இதே ஞாயிறை ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப் போட்டிருக்கிறீர்களா? அப்போது அவள் என்ன எழுதினாள்? அதிலும் "fine" இருந்தால் அது அவள் பழக்கம். அன்றைக்கு நாலு வரி எழுதியவள் இன்றைக்கு ஒரே சொல் எழுதியிருந்தால் மனத்தாங்கல் என்றே நான் எடுத்துக்கொள்வேன். இரண்டில் எது என்றாலும், "அடுத்த வாரம்" என்று பொதுவாக விடாமல் ஒரு நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லி, ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதி, அவளுக்கு அந்த நேரம் தோதுப்படுமா என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை இந்த "fine"க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எழுத்தில் பிடிபடவில்லை என்றால் போன் போட்டுவிடுங்கள், அவள் "ஹலோ" சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.