வாட்ஸ்அப் டிக்: யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள்?

அண்ணாச்சி, ஊர்க் கோயில் கொடைக்கு வரிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று வியாழன் ராத்திரி 7:05-க்கு குரூப்பில் போட்டேன். மறுநாள் மத்தியானம் வரை ஒற்றை டிக்தான். ஆனால் பாதிப் பேர் பதில் போட்டுவிட்டார்கள். செய்தி போயிருக்கிறதா, இல்லையா? ஒருவர் "எனக்கு வரவே இல்லை" என்று சண்டைக்கு நிற்கிறார்.
(சேரன்மகாதேவி வாசகர்)

செய்தி போயிருக்கிறது. தனி ஆளுக்கு அனுப்பும்போது டிக்கை நம்பலாம். குரூப்பில் அது கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும். எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும், எல்லாரும் பார்த்தால்தான் நீலமாகும். 32 பேரில் ஒருவர் போனை அணைத்து வைத்திருந்தாலும் உங்களுக்கு ஒற்றை டிக்தான் தெரியும். அதனால் குரூப்பில் டிக்கைப் பார்க்காதீர்கள், Info-வைப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் போட்ட செய்தியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மேலே வரும் மூன்று புள்ளியைத் தொட்டால் Info இருக்கும். ஐபோனில் செய்தியை இடப்பக்கமாகத் தள்ளினால் போதும். உள்ளே "Read by" என்ற தலைப்பின் கீழே பார்த்தவர்கள் பெயரும், "Delivered to" என்பதன் கீழே போனுக்கு வந்தும் இன்னும் பார்க்காதவர்கள் பெயரும் இருக்கும். ஒவ்வொரு பெயரோடும் நேரம் இருக்கும்.

உங்கள் குரூப்பையே எடுத்துக்கொள்வோம். உங்களைத் தவிர 31 பேர். "Read by"-யில் 24, "Delivered to"-வில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு பேர் பெயர் எதிலுமே இருக்காது. அவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை. ஒருவர் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் டவர் கிடைக்காத இடத்தில் இருக்கலாம், பாபநாசத்துக்கு இறங்கியதும் தானாக வந்துவிடும். இன்னொருவர் நெட் கார்டு போடாமல் இருக்கலாம். இந்த இரண்டு பேருக்கும் போன் செய்து சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியைத் தன் சர்வரில் 30 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். அந்த ஐந்து பேருக்கு இன்னொரு தடவை குரூப்பில் போட்டால் போதும்.

சண்டை போடுகிறவர் பெயர் "Delivered to"-வில் நேரத்தோடு இருந்தால், அவர் போனுக்கு வந்திருக்கிறது, குரூப்பை அவர் திறக்கவில்லை, அவ்வளவுதான். "Read by"-யில் இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். அந்த நேரம் அவர் குரூப்பைத் திறந்த நேரம். காலையில் திறந்து, வந்து குவிந்த நாற்பது செய்தியையும் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். உங்களுடைய வேறு இரண்டு செய்திகளின் Info-வையும் பாருங்கள். மூன்றிலும் அவருக்கு ஒரே நிமிடம் காட்டினால், ஒரே மூச்சில் கடந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். நேரில் எடுத்துச் சொல்லிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

என் கொழுந்தனார் நீல டிக்கை அணைத்து வைத்திருக்கிறார். குரூப்பில் அவர் பார்த்தது தெரியுமா?
(ஆலங்குளம் வாசகி)

தெரியும். அந்த அமைப்பு தனி உரையாடலுக்கு மட்டும்தான். குரூப்பில் அதை யாராலும் அணைக்க முடியாது.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குத் தனியாக அனுப்பினால் Info-வில் "Delivered" நேரம் மட்டும்தான் வருகிறது. "Read" நேரம் வரவே மாட்டேன் என்கிறது. ஆனால் பதில் போடுகிறான்.
(வள்ளியூர் வாசகி)

பதில் வருகிறது என்றால் அவன் பார்க்கிறான் அம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் போனில் Settings, அதில் Privacy, அதில் Read receipts அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அணைத்து வைத்திருந்தாலும் அவன் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. உங்களுடையது சரியாக இருந்தால், அவன் அணைத்திருப்பான். மற்றபடி, போன் மேலே வரும் அறிவிப்பிலேயே படித்துவிட்டு உள்ளே திறக்காமல் விட்டாலும் "Read" விழாது.

முக்கியமான விஷயம் என்றால் குரலில் பதிந்து அனுப்புங்கள். நீல டிக்கை அணைத்தவர் போனிலும், குரல் செய்தியைக் கேட்டதை மறைக்க வழியில்லை. அவன் கேட்டதும் உங்கள் பக்கம் மைக் படம் நீலமாகும், Info-வில் "Played" என்று கேட்ட நேரம் வரும்.

குரூப்பில் வேறொருவர் போட்ட செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்று நான் பார்க்க முடியுமா?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

முடியாது, நீங்கள் குரூப் அட்மினாக இருந்தாலும் சரி. போட்டவரிடம் அவர் போனில் Info-வைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று படமாக எடுக்க வேண்டியிருக்கும்.