விமானம் மேலேறும்போது இன்ஜினிலிருந்து வெடிச்சத்தம், பின்னால் தீ. இதுதான் கம்ப்ரஸர் ஸ்டாலா? ஏன் வருகிறது, பைலட் என்ன செய்வார்?

பெரும்பாலும் அதுதான். கம்ப்ரஸர் என்பது இன்ஜினின் முன்பகுதியில் காற்றை இழுத்து அழுத்தும் பாகம். அதில் உள்ள ஒவ்வொரு பிளேடும் ஒரு குட்டி இறக்கை. அது சுழலும் வேகத்துக்குத் தக்கபடி காற்று உள்ளே வந்துகொண்டிருந்தால் பிளேடை ஒட்டியே வழிந்து போகும். வரத்து குறைந்தாலோ கலங்கலாக வந்தாலோ காற்று பிளேடைத் தொடும் கோணம் கூடிப்போய், ஒரு கட்டத்தில் பிளேடை விட்டுப் பிரிந்துவிடும். சில பிளேடுகளோடு நின்றால் வெறும் அதிர்வுதான். கம்ப்ரஸர் முழுக்கப் பரவினால், அதுவரை அழுத்தி வைத்திருந்த காற்று பிடிப்பில்லாமல் முன்பக்கமாகத் திரும்பிப் பாய்கிறது. நீங்கள் கேட்ட வெடிச்சத்தம் அதுதான். அழுத்தம் தணிந்ததும் காற்று மறுபடி உள்ளே போகும். காரணம் அப்படியே இருப்பதால் மறுபடி வெடிக்கும். அதனால்தான் வரிசையாக 'டமால் டமால்'.

பறவை, பனிக்கட்டி, தேய்ந்த பிளேடு, மிகுதிக் காற்றை வெளியே விடும் பிளீட் வால்வு நேரத்துக்குத் திறக்காதது என்று காரணங்கள் பல.

காக்பிட்டில் ஃபேன் சுழலும் வேகத்தைக் காட்டும் N1 முள் ஆடும், விமானத்தின் மூக்கு லேசாக ஒரு பக்கம் இழுக்கும், இன்ஜினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பநிலையான EGT ஏறும். கண் வைக்க வேண்டியது EGT மேல்தான். காற்று குறைந்தும் எரிபொருள் குறையாவிட்டால் டர்பைன் பிளேடு வெந்துபோகும்.

தரையை ஒட்டிப் பறக்கும்போது முதலில் விமானத்தை நேராகப் பறக்க வைப்பதுதான் வேலை. பாதுகாப்பான உயரம் வந்ததும் உந்துவிசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டிலைத் துண்டித்து, அந்த இன்ஜினின் த்ரஸ்ட் லீவரைச் சத்தம் நிற்கும்வரை மெதுவாகப் பின்னிழுப்பார்கள். உந்துவிசை தேவைப்படும் நேரத்தில் குறைப்பதா என்று தோன்றும். எரிபொருள் குறைந்தால் எரியறையின் அழுத்தம் இறங்கும், கம்ப்ரஸர் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை குறையும், காற்று மீண்டும் பிளேடை ஒட்டும். எல்லாம் சீரானால் மெல்லக் கூட்டலாம். லீவரை ஐடில் என்ற மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்தும் EGT இறங்கவில்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டியதுதான்.

லீவரைக் குறைத்தும் பலனில்லாமல் போன ஒரு சம்பவம் உண்டு. 1991 டிசம்பர் 27, ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் 751, எம்டி-81 ரகம். இறக்கையில் படிந்திருந்த தெளிந்த பனி (கண்ணுக்கே எளிதில் படாது) உடைந்து, வால்புறத்தில் இருந்த இரண்டு இன்ஜின்களுக்குள்ளும் போய் ஃபேன் பிளேடுகளைச் சேதப்படுத்தியது. தரையை விட்டு 25 விநாடியில் வலது இன்ஜின் வெடிக்க ஆரம்பித்தது. பைலட் லீவரைக் கொஞ்சம் குறைத்தார். ஆனால் ஏடிஆர் என்ற தானியங்கி அமைப்பு உந்துவிசையைத் திரும்ப ஏற்றிவிட்டது. ஸ்டால் தொடர்ந்தது, பிறகு இடது இன்ஜினிலும். 78 விநாடிக்குள் இரண்டும் போயின. காட்ரோராவில் ஒரு வயலில் இறக்கினார்கள். விமானம் மூன்று துண்டானது, இருந்த 129 பேரும் பிழைத்தார்கள். அப்படி ஓர் அமைப்பு அந்த விமானத்தில் இருப்பதே பைலட்டுகளுக்குத் தெரியாது, ஸ்டாலை அடையாளம் கண்டு சரிசெய்யும் பயிற்சியும் அவர்களுக்குத் தரப்படவில்லை என்றது விசாரணை அறிக்கை.