புதுப் பிள்ளைக்கு நியமனக் கடிதம்: தகுதிகாண் காலம், கொமிஷன்

“திருகோணமலையில சின்ன சலூன். தலைமுடி அலங்காரத்துக்கு ஒரு பிள்ளையைச் சேர்க்கிறன். மூன்று மாதம் பார்த்திட்டு ஈபிஎஃப் கட்டலாமா? கடிதத்தில என்ன எழுத?”

முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தகுதிகாண் காலம் அதற்கு விலக்கில்லை. கடிதத்தில் தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் எழுதுங்கள். “மூன்று மாதம்” என்று மட்டும் விட்டால், நிரந்தரமாகிவிட்டாரா என்ற பேச்சு பிறகு வரும். நீடிப்பதென்றால் முடிவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சம்பளத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. அடிப்படை 32,000, கொமிஷன் 8,000 என்று வையுங்கள். பலர் 32,000க்கு மட்டும் கட்டுகிறார்கள், கொமிஷனும் சேரும். ஆக 40,000இல் பிள்ளையிடம் 8 வீதம், 3,200 கழியும், கையில் 36,800. நீங்கள் மேலதிகமாக 12 வீதம் 4,800, ஈடிஎஃப் 3 வீதம் 1,200 போட வேண்டும். மொத்தச் செலவு 46,000. கொமிஷன் பில் தொகையிலா, கலர், கிரீம் செலவு கழித்த பிறகா என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது அதில்தான்.

நேரம் காலை 9 முதல் மாலை 6, சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஐந்து முழுநாள், ஒரு நாள் 9 முதல் 2 என்றால் வாரம் 45 மணி. அதற்கு மேல் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. முகூர்த்த நாள் அதிகாலை மணப்பெண் அலங்காரமும் வேலை நேரம்தான்.

முதல் வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் சமயோசித லீவு எழுதுங்கள்.