"ஃபோன் பிழை" என்று சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் போட டிசைனர் செய்து தந்த படத்தில் "வெள்ளவத்தை" என்ற சொல்லே உடைந்து தெரிகிறது. எங்கள் இணையத்தள பனரிலோ கடைசி வரி சில ஃபோன்களில் பாதி வெட்டுப்படுகிறது. கேட்டால் "அது ஃபோன் பிழை" என்கிறார். எந்த ஃபொன்ட் போட்டால் எல்லா ஃபோனிலும் ஒழுங்காக வரும்?

பதில்: ஃபொன்ட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு வருத்தங்கள், இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலில் ஃபேஸ்புக் படம். PNG, JPG என்று வெளியே வந்த பிறகு அதில் எழுத்து என்று ஒன்றும் கிடையாது, வெறும் நிறப்புள்ளிகள்தான். அதில் தமிழ் இருக்கிறதா, சேலையின் கரை இருக்கிறதா என்று ஃபோனுக்குத் தெரியாது. அதனால் ஃபோன் அந்தப் படத்தை மங்கலாக்கலாம், ஓரத்தை வெட்டலாம், ஆனால் ஒரு கொம்பை இடம் மாற்றவே முடியாது. ஒரே படத்தை இரண்டு ஃபோனில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் உடைந்திருந்தால், அது டிசைனரின் கணினியிலேயே உடைந்துவிட்டது.

எப்படி உடைகிறது? "வெ" என்று எழுதும்போது கணினி முதலில் வகரத்தையும் அடுத்து ஒற்றைக்கொம்பையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் கொம்பு வகரத்துக்குப் பின்னாலேயே நின்று, அடுத்து வரும் ளகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் உள்ள "தை"யிலும் அதே கதை, ஐகாரக் குறி தகரத்துக்குப் பின்னால் தொங்கும். "கொழும்பு" என்று எழுதினால் கொம்பும் அரவும் இரண்டுமே ககரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். உங்கள் படத்தில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபோட்டோஷொப்பில் இதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. பத்தி அமைக்கும் `Paragraph` பலகையின் மெனுவில் `World-Ready Layout` என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். பழைய பதிப்புகளில் `Preferences` இன் `Type` பகுதியில் `Middle Eastern and South Asian` என்ற பெயரில் இருக்கும். அதைப் போட்டதும் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். கோடிக்கணக்கான பேர் எழுதும் மொழிக்கு இந்த ஒரு தெரிவைத் தேடிப் பிடித்துத் தட்ட வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். 1987-இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. ஆனால் கொழும்பில் எத்தனை டிசைனர்களுக்கு இந்த மெனு தெரியும்?

தெரியாதவர்கள் குறுக்குவழியாகப் பிடிப்பது பாமினி ஃபொன்ட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பாமினியே வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் பிழை. பாமினியில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள், தமிழ் வடிவத்தில் வரையப்பட்டவை. "கொழும்பு" வேண்டுமானால் `nfhOk;G` என்று தட்ட வேண்டும். கொம்பை நாமே முதலில் தட்டுவதால் எந்த மென்பொருளிலும் இடம் மாறாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பாமினியில் அமைத்து, படமாக வெளியே எடுத்து, சரிபார்த்துத் தந்தால் அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை. அச்சகங்களில் இத்தனை வருடம் வேலை அப்படித்தான் நடந்தது. வாசிக்கத் தெரியாதவர் கையில் போகும்போதுதான் விபத்து. பாமினியில் `%` என்ற குறியின் இடத்தில் "மூ" இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குத் தைப்பொங்கல் விளம்பரம் "25மூ கழிவு" என்று வந்தது. டிசைனர் வரி முழுவதையும் பாமினிக்கு மாற்றியிருந்தார், அவர் கண்ணுக்கு அதுவும் ஒரு தமிழ் எழுத்து. எண்ணுக்கும் குறிக்கும் மட்டும் வேறு ஃபொன்ட் போட்டிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. இணையத்தளத்திலோ விளம்பரத்தின் தலைப்பு வரியிலோ மட்டும் பாமினி எழுத்தை ஒட்டவே கூடாது. அந்த ஃபொன்ட் இல்லாத ஃபோனில் வாடிக்கையாளர் `nfhOk;G` என்றே வாசிப்பார்.

இனி பனர். அங்கே படத்தின் மேல் எழுத்து உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. விரலை அழுத்திப் பிடித்து அந்த எழுத்தைத் தெரிவுசெய்ய முடிந்தால் அதுதான் காரணம். ஃபொன்ட்டைக் கூடவே அனுப்பாவிட்டால் ஒவ்வொரு ஃபோனும் தன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்தைப் போடும். பல அண்ட்ரொய்ட் ஃபோன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐஃபோனில் தமிழ் சங்கம். இரண்டுக்கும் அகலம் வேறு. ஒன்றில் இரண்டு வரியில் அடங்கும் வாசகம் மற்றதில் மூன்றாவது வரிக்குப் போகும், பெட்டியின் உயரத்தைப் பூட்டி வைத்திருந்தால் அந்த மூன்றாவது வரி வெட்டுப்படும். இங்கே ஃபோனுக்கு ஃபோன் வித்தியாசம் உண்மைதான். ஆனால் பிழை ஃபோனில் இல்லை, பெட்டியைப் பூட்டியவரிடம் இருக்கிறது. உங்கள் டிசைனருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்:

```css
.banner-text {
  font-family: "Noto Sans Tamil", sans-serif;
  line-height: 1.5;
  letter-spacing: 0;
  height: auto;
}
```

நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். அதைத் தளத்தோடு சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள், பெயரை மட்டும் எழுதிவிட்டால் போதாது. வரி உயரம் 1.5 கேட்பதற்குக் காரணம், "கீ"யின் சுழி மேலே ஏறும், "மூ"வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கமான வரியில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும்.

ஃபேஸ்புக் படத்துக்கும் இதே ஃபொன்ட் போதும், தலைப்புக்குத் தடிப்பாக வேண்டுமானால் பலூ தம்பி நல்லது. செயற்கையாகத் தடிப்பாக்கும் பொத்தானை மட்டும் தொட வேண்டாம், "ண", "ஞ" ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். அளவையும் கவனியுங்கள். 1080 புள்ளி அகலப் படம் ஃபோனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். படத்தில் 36 அளவில் இருக்கும் எழுத்து கையில் 12 ஆகத்தான் தெரியும், அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். 48க்குக் கீழே போக வேண்டாம். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மீதியில் தமிழை நெருக்கிச் சுருக்குவதுதான் இங்கே வழக்கம். வாசகம் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்க விடாதீர்கள், சொல்லைக் குறையுங்கள். "இலவசமாக விநியோகம் செய்து தரப்படும்" என்பதற்கு "இலவச விநியோகம்" போதும்.

அப்புறம், "டிசைனும் செய்து பூஸ்ட்டும் பண்ணித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். PNG மட்டும் தந்துவிட்டு மூலக் கோப்பைத் தரமாட்டார்கள், பிறகு ஒரு கொம்பைத் திருத்தவும் தனிக் காசு கேட்பார்கள். அவர்களுக்குள் தமிழ் தெரிந்தவர் இருப்பதே அபூர்வம். மூலக் கோப்பும், எந்த ஃபோனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் வாசகமும் உங்களுக்கு வர வேண்டும் என்று முற்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் இந்த ஒரு வரியை அவர்களின் டிசைனில் போட்டுத் தரச் சொல்லுங்கள்:

`ஸ்ரீலங்கா, கொழும்பு, வெள்ளவத்தை, 25% கழிவு`

வாட்ஸ்அப்பில் படமாக வேண்டாம், டொகியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும். "ஸ்ரீ" ஒரே எழுத்தாகச் சேர்ந்திருக்கிறதா, "கொ"வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் இருக்கிறதா, 25க்குப் பிறகு விழுக்காட்டுக் குறி வந்திருக்கிறதா என்று நீங்களே விரலை வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் அவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.