நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிறு வலித்தால்

கேள்வி: எனக்கு வயது 29. பீரியட்ஸ் 9 நாள் தள்ளிப்போயிருக்கிறது. மூன்று நாளாக அடிவயிற்றில் இடது பக்கம் வலி. நேற்று பழுப்பு நிறத்தில் லேசாகக் கறை பட்டது. நாள் தள்ளிய நான்காம் நாள் வீட்டில் டெஸ்ட் செய்தபோது ஒரு கோடுதான் வந்தது. பீரியட்ஸ் வரப்போகிற வலிதான், பொறுத்துப் பார் என்கிறார்கள். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் வேறு எதுவும் இல்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர முடியும்.

நாள் தள்ளியிருக்கிறது, ஒரு பக்கமாக வலிக்கிறது, கொஞ்சம் கறை படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கள் மனதில் முதலில் வருவது கருக்குழாய்க் கர்ப்பம். கரு, கருப்பைக்குள் வந்து ஒட்டாமல் வழியில் குழாயிலேயே தங்கி வளரத் தொடங்குவதுதான் அது. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி ஆகின்றன. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கருப்பை விரிந்து கொடுக்கும், குழாய் விரியாது. கரு வளர வளர அதன் மெல்லிய சுவரில் ரத்தம் கசியும். ஒரு கட்டத்தில் குழாய் கிழிந்தால் வயிற்றுக்குள் வேகமாக ரத்தம் கொட்டும்.

உங்கள் சுழற்சி 28 நாள் என்று வைத்துக்கொண்டால், கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து இன்று ஏறக்குறைய 37ஆம் நாள். குழாய்க் கர்ப்பம் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வலியாகத் தலைகாட்டும். நீங்கள் அந்தக் காலத்தை நெருங்கிவிட்டீர்கள். முன்பு குழாயில் தொற்று வந்தவர்கள், குழாயில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், ஏற்கெனவே ஒரு முறை குழாய்க் கர்ப்பம் வந்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி எந்தக் காரணமும் இருப்பதில்லை. அதனால் ‘எனக்கு அதெல்லாம் கிடையாதே’ என்று விட்டுவிட முடியாது.

சரி, ஒரு கோடுதானே வந்தது என்று கேட்கலாம். அந்த மாதம் கருமுட்டை சில நாள் தாமதமாக வெளிவந்திருந்தால், நான்காம் நாளில் ஹார்மோன் அளவு கோடு காட்டும் அளவுக்கு ஏறியிருக்காது. நிறையத் தண்ணீர் குடித்து நீர்த்துப்போன சிறுநீரில் பார்த்தாலும் அப்படித்தான். குழாய்க் கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் மெதுவாகவே ஏறுவதும் உண்டு. இன்று காலை முதல் சிறுநீரில் மறுபடி பார்த்தால் இரண்டு கோடு வரலாம். ஆனால் வலி இருக்கும்போது அதையும் நம்பி உட்கார வேண்டாம். பீட்டா எச்சிஜி என்ற ரத்தப் பரிசோதனை மிகச் சிறிய அளவையும் எண்ணாகச் சொல்லிவிடும்.

அந்த எண்ணை எப்படிப் படிக்கிறோம் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு முதல் நாள் 640 வருகிறது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்தால் கருப்பை காலியாக இருக்கிறது. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; 640 அளவில் நல்ல கர்ப்பமாக இருந்தாலும் அது ஸ்கேனில் தெரியாமல் இருக்கும். அளவு 3500-ஐத் தாண்டியும் கருப்பை காலியாக இருந்தால் சந்தேகம் மிக வலுவாகும். நம் உதாரணப் பெண்ணுக்கு வலி மிதமாக, ரத்த அழுத்தமும் நாடியும் சரியாக இருப்பதால், 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி ரத்தம் எடுக்கிறோம். 810 வருகிறது. இரண்டு நாளில் ஏறியது 27 சதவீதம்கூட இல்லை. 1500-க்குக் கீழே தொடங்கும் நல்ல கர்ப்பத்தில் குறைந்தது 49 சதவீதமாவது, அதாவது 950-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஆக, கர்ப்பம் சரியாக வளரவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று இந்த எண் சொல்லாது; கருப்பைக்குள்ளேயே கலைந்துகொண்டிருக்கும் கர்ப்பமும் இப்படி எண் காட்டும். மறுபடி ஸ்கேன் செய்ததில் சினைப்பைக்குப் பக்கத்தில் 2 செ.மீ. அளவில் ஒரு சிறு கட்டி தெரிகிறது. இப்போதுதான் குழாய்க் கர்ப்பம் என்கிறோம்.

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் ஊசி அந்தத் திசுவின் வளர்ச்சியை நிறுத்தும். பிறகு 4ஆம், 7ஆம் நாள் ரத்தம் பார்ப்போம். 4ஆம் நாள் எண் ஏறியிருந்தாலும் பயமில்லை, அங்கிருந்து 7ஆம் நாளுக்குள் 15 சதவீதமாவது இறங்க வேண்டும். அப்புறம் வாரம் ஒரு முறை, எண் மறையும் வரை. இந்த நாட்களில் போலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரையும் கூடாது. குழாய் கிழிந்திருந்தாலோ, கருவுக்கு இதயத்துடிப்பு தெரிந்தாலோ பெரும்பாலும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சைதான்.

ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தால், பட்டியல் மாறும். திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் நீர்க்கட்டி கலையாமல் நின்றால், பீரியட்ஸும் தள்ளிப்போகும், அந்தப் பக்கம் வலியும் வரும். இது பெரும்பாலும் தானே சரியாகும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் கருப்பை, குழாய்த் தொற்றைத் தேடுவோம். சிறுநீர்த் தொற்று, கல் ஆகியவற்றையும் பார்ப்போம். வலி வலது பக்கமாக இருந்திருந்தால் குடல்வாலும் சேர்ந்திருக்கும்.

இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்: தலைசுற்றல் அல்லது மயக்கம், வலி சட்டென்று கூடி வயிறு முழுக்கப் பரவுவது, தோள்பட்டை நுனியில் வலி, மலம் வருவதுபோன்ற அழுத்தம். தோள் வலி பலருக்கு விநோதமாகத் தோன்றும். வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அதே நரம்பு வழியாக வலி தோளில் உணரப்படுகிறது. வெளியே படும் கறையை வைத்து உள்ளே எவ்வளவு ரத்தம் போகிறது என்று கணக்கிடாதீர்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. அப்படிப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம், எதுவும் சாப்பிடவும் வேண்டாம். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இன்னொன்று. பீரியட்ஸை வரவைக்கும் மாத்திரையோ கருக்கலைப்பு மாத்திரையோ நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கருக்கலைப்பு மாத்திரை குழாயில் இருக்கும் கர்ப்பத்தைக் கலைக்காது. ஆனால் கருப்பையிலிருந்து ரத்தப்போக்கு வரும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். குழாயில் இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசி பீரியட்ஸ் தொடங்கிய தேதியையும் உங்கள் ரத்த வகையையும் கூடவே சொல்லுங்கள்.