ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரும்பு மாத்திரை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன். ஹீமோகுளோபின் 9.4, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டேன். கம்பெனி பஸ்ஸிலேயே குமட்டல், வயிற்றெரிச்சல். பத்து நாளில் நிறுத்திவிட்டேன். மெடிக்கலில் பிஸ்கிளைசினேட் என்று ஒன்று தருகிறார்கள், விலை அதிகம். அதற்கு மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் அதற்கு முன் கையில் இருக்கும் மாத்திரையையே வேறு மாதிரி போட்டுப் பாருங்கள். அந்தச் சிவப்பு மாத்திரை பொதுவாக ஃபெரஸ் சல்பேட். ஒன்றில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. இரண்டு வேளை என்பது வெகுகாலமாக நாங்கள் எழுதிவரும் வழக்கம்தான், உங்களுக்கு யாரும் தவறாகச் சொல்லிவிடவில்லை.

60 மி.கி. அளவுக்கு இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும் வாசலை அது பாதி சாத்திவிடும். சுமார் 24 மணி நேரம் அப்படியே இருந்து, 48 மணி நேரத்துக்குள் தணியும். காலை மாத்திரை சாத்திய வாசலில்தான் உங்கள் இரவு மாத்திரை போய் நின்றிருக்கிறது. உள்ளே போகாத இரும்பு குடலிலேயே கிடக்கும். குமட்டல், எரிச்சல், மலச்சிக்கல், கறுப்பு மலம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மலம் கறுப்பாகப் போவதற்கு மட்டும் பயப்பட வேண்டாம்.

ஜூரிக்கில் ஆராய்ச்சியாளர்கள் இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுக்கு 60 மி.கி. வீதம் 14 மாத்திரை கொடுத்து அளந்தார்கள். தினமும் போட்டவர்கள் உடம்பில் சேர்ந்தது மொத்தம் 131 மி.கி.; ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களுக்கு 175 மி.கி. ஆனால் இவர்களுக்கு 14 மாத்திரை தீர 28 நாள் ஆயிற்று. அதாவது மாத்திரை மிச்சம், நாள் கூடுதல். ஹீமோகுளோபின் 9.4 என்றால் அந்தத் தாமதத்தைத் தாங்கலாம். 7-க்குக் கீழே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ இந்த வழி போதாது. கர்ப்பிணிகளும் தாங்களாக இப்படி மாற்றிக்கொள்ளக் கூடாது.

நீங்கள் ஒரே ஒரு மாத்திரையை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிகாலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டாம். பஸ் ஏறுமுன் குடிக்கும் டீயைக் கம்பெனி டீ பிரேக்குக்குத் தள்ளிவிடுங்கள். மாத்திரை நாட்களைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டுவையுங்கள். ‘நேற்று போட்டேனா?’ என்ற குழப்பத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியும் பஸ்ஸில் குமட்டினால், அதே மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்திருந்து படுங்கள். தூக்கத்தில் குமட்டல் தெரியாமல் போய்விடும். வெறும் வயிறே ஒத்துக்கொள்ளவில்லையா, சரி, இரண்டு இட்லிக்குப் பிறகு போடுங்கள். உறிஞ்சுவது குறையும்தான், ஆனால் டப்பாவில் கிடக்கும் மாத்திரையைவிட மேல்.

இதுவும் ஒத்துவராவிட்டால் பிஸ்கிளைசினேட். இதில் ஓர் இரும்பு அணுவைக் கிளைசின் என்ற அமினோ அமிலம் இரண்டு பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அரிசி, பருப்பில் உள்ள ஃபைட்டேட் அதை எளிதில் கட்டிப்போடாது, வயிற்றுத் தொந்தரவும் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டென்மார்க்கில் கர்ப்பிணிகளுக்குப் பற்றாக்குறை வராமல் தடுக்க, 25 மி.கி. பிஸ்கிளைசினேட் 50 மி.கி. சல்பேட்டுக்கு ஈடாக இருந்தது. ஆனால் அது தடுப்புக்கு. ஏற்கெனவே வந்த சோகைக்கு அதே கணக்கைப் போட முடியாது. பல மாத்திரைகளில் இரும்பு 30 மி.கி.க்குள்தான் இருக்கும். வயிற்றில் மென்மையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் இரும்பு உப்பின் மொத்த எடையை விட்டுவிட்டு, ‘எலிமென்டல் அயர்ன்’, அதாவது அதில் உள்ள இரும்பு மட்டும், எவ்வளவு என்று பாருங்கள். ஹெப்சிடின் வாசல் இதற்கும் உண்டு.

ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரு கிராம் அளவுக்கு ஏறியிருந்தால் வழி சரி. 12-ஐத் தாண்டியபின்னும் மூன்று மாதம் தொடருங்கள், ஃபெரிட்டின் நிரம்ப அவ்வளவு நாள் வேண்டும். ஏறவே இல்லையென்றால் மாத்திரையின் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. உறிஞ்சுவதில் கோளாறா, எங்காவது இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வயதில் நான் முதலில் கேட்பது மாதவிலக்கைத்தான். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதற்காக இப்போதே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கும்; நாலைந்தை விழுங்கினால்கூட ஆபத்து.